டிசைனரிடம் போகும் முன் எழுத வேண்டிய ஒரு பக்கம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் டியூஷன் சென்டர்களுக்கு அட்மிஷன் காலம். ஊரில் உள்ள டிசைனர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்திகள் குவியும். பெரும்பாலான செய்தி இப்படித்தான் இருக்கும்: "சார், அட்மிஷன் நோட்டீஸ் ஒண்ணு வேணும். நல்லா பளிச்சுன்னு பண்ணுங்க. நாளைக்குக் கிடைச்சா நல்லது." கூடவே போன வருட நோட்டீஸின் மங்கலான போட்டோ ஒன்றும் வரும். பட்டம் அணிந்த மாணவர் படம், பூமி உருண்டை, மஞ்சள் எழுத்து என்று எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நோட்டீஸ் வருவதற்கு டிசைனரின் கற்பனை வறட்சி காரணமில்லை. சென்டர் நடத்துபவர் எடுக்க வேண்டிய முடிவுகளை எடுக்காமலே வேலையைக் கொடுத்துவிடுகிறார். அந்த முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பதைத்தான் விளம்பரத் துறையில் பிரீஃப் என்கிறார்கள். யாருக்கு, என்ன சொல்ல, எந்தெந்த வடிவில், எந்தத் தேதியில் என்ற நான்கு கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

ஒரு சென்டரை எடுத்துக்கொள்வோம். சிறு நகரம் ஒன்றில், 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித் தருகிறார்கள். மொத்தம் 60 இடம், மாலை நேரத்தில் நான்கு பேட்ச்.

முதல் கேள்வி, யாருக்கு என்பது. "மாணவர்கள், பெற்றோர்" என்று எழுதினால் டிசைனருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த சென்டரில் போன வருடம் சேர்ந்தவர்களை நினைத்துப் பார்த்தால், விசாரிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் அம்மாக்கள். பிள்ளை 9ஆம் வகுப்பை முடித்திருக்கும். கணக்கில் 40, 50 வாங்கியிருக்கும். அடுத்த வருடம் பொதுத் தேர்வு என்ற பயம் அம்மாவுக்கு வந்துவிட்டது. அவர் கேட்டதெல்லாம் மூன்றே கேள்வி: ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு விடுவீர்கள், ஃபீஸ் எவ்வளவு. ஆகவே பிரீஃபின் முதல் வரி இப்படி அமையும்: "10ஆம் வகுப்புக்குப் போகும் சராசரி மாணவரின் அம்மா. வீடு இரண்டு கிலோமீட்டருக்குள். பிள்ளை கூட்டத்தில் தொலைந்துபோகுமோ என்ற கவலை." இதைப் படித்த பிறகு டிசைனர் பட்டம் அணிந்த மாணவர் படத்தைத் தேட மாட்டார்.

இரண்டாவது, என்ன சொல்லப் போகிறோம் என்பது. இங்கேதான் ஆசை பெருகும். அனுபவமிக்க ஆசிரியர்கள், வாரத் தேர்வு, ஏசி வகுப்பறை, இலவச நோட்டு என்று பத்து விஷயம் எழுதத் தோன்றும். பத்தும் ஒரே அளவில் நின்றால் ஒன்றும் மனதில் பதியாது. அந்த அம்மாவின் கவலைக்கு நேரான பதிலாகவும், நேரில் வந்து பார்த்தால் உண்மை என்று தெரிவதாகவும் இருக்கும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த சென்டருக்கு அது, "ஒரு பேட்ச்சில் 15 பேர் மட்டும்." வாரத் தேர்வு அதற்குத் துணை வரி. மற்றவை நோட்டீஸின் பின்பக்கத்துக்குப் போகட்டும்.

"100 சதவீத வெற்றி உறுதி" என்று போடும் பழக்கத்தை அறவே விட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு அவை பொருந்தும். நமது சென்டரும் அதற்குள் வந்துவிடுகிறது. தேர்ச்சிக்கோ மதிப்பெண்ணுக்கோ உத்தரவாதம் தருவது அதன்படி தவறு. அதிக மதிப்பெண் எடுத்தவரின் பெயரையும் படத்தையும் போட, அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அந்த ஒப்புதல் கையில் இல்லாவிட்டால், "மாணவர் படம் வேண்டாம்" என்று பிரீஃபிலேயே எழுதிவிடுவது நல்லது.

மூன்றாவது, எந்தெந்த வடிவில் என்பது. ஒரே டிசைனைச் சுருக்கியும் பெருக்கியும் எல்லா இடத்திலும் ஓட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒவ்வொன்றும் படிக்கப்படும் இடம் வேறு. சென்டர் வாசலில் கட்டும் 8 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸை வண்டியில் போகிறவர் 40 அடி தூரத்திலிருந்து பார்க்கிறார். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது போர்டு வேலையில் பழைய கணக்கு. அதன்படி எழுத்து 4 அங்குலமாவது இருக்க வேண்டும். அந்த அளவில் நான்கைந்து வரிக்கு மேல் பிடிக்காது: வகுப்பு, பாடம், "15 பேர் மட்டும்", பெயர், போன் நம்பர். அவ்வளவுதான். தெருமுனையில் இன்னொன்று கட்ட நினைத்தால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். 2019இல் சென்னையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது.

செய்தித்தாளுக்குள் வைத்து வீட்டுக்கு வரும் ஏ5 நோட்டீஸ் நிதானமாகப் படிக்கப்படுவது. பேட்ச் நேரம், ஃபீஸ், சேரக் கடைசித் தேதி, வழி எல்லாம் அதில்தான் வர வேண்டும். மூன்றாவது வாட்ஸ்அப் படம். ஓர் அம்மா இன்னோர் அம்மாவுக்கு அனுப்புவது இதைத்தான். 1080-க்கு 1920 பிக்சல் அளவில், போனில் விரலால் பெரிதாக்காமலே படிக்கும்படி தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும். நோட்டீஸையே போட்டோ எடுத்து அனுப்பினால் எழுத்து எறும்பு மாதிரித் தெரியும்.

போட வேண்டிய வாசகம் முழுவதையும் யுனிகோடில் தட்டச்சு செய்து ஒரே கோப்பாகக் கொடுக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அது இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். டிசைனர் அதைத் திரும்ப அடிக்கும்போதுதான் ஒற்றெழுத்தும் போன் நம்பரில் ஓர் எண்ணும் மாறிப்போகும்.

நான்காவது, தேதி. இதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது. அதற்குள் இடம் நிரம்ப வேண்டும். அதனால் மே 15 அன்று விளம்பரம் வெளியே வரட்டும். நோட்டீஸ் 13ஆம் தேதி கைக்கு வர வேண்டும். அச்சகத்துக்கு ஐந்து நாள் விட்டால் 8ஆம் தேதி கோப்பு போய்ச் சேர வேண்டும். இறுதி ஒப்புதல் 7, திருத்திய வடிவம் 4, முதல் வடிவம் ஏப்ரல் 30. டிசைனருக்கு ஆறு நாளாவது கொடுத்தால் பிரீஃப் ஏப்ரல் 24 அன்று அவர் கையில் இருக்க வேண்டும். திருத்தம் இரண்டு தடவைதான், ஒப்புதல் சொல்பவர் ஒருவர்தான் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். கணக்கு சார் சிவப்பு கேட்க, அறிவியல் டீச்சர் நீலம் கேட்க, உரிமையாளரின் தம்பி லோகோவைப் பெரிதாக்கச் சொல்வதில் தேதி தவறிய விளம்பரங்கள் ஏராளம்.

முதல் வடிவம் வந்ததும் "அழகாயிருக்கா?" என்று வீட்டாரிடம் கேட்பதில் பயனில்லை. சென்டருக்குச் சம்பந்தமில்லாத ஓர் அம்மாவிடம் ஐந்து விநாடி காட்டி எடுத்துவிட்டு, "இதுல என்னக்கா போட்டிருந்துச்சு?" என்று கேட்க வேண்டும். "பதினஞ்சு பேருக்குத்தான் எடுக்கிறாங்களாம்" என்றால் பிரீஃபும் டிசைனும் ஒத்துப்போயிருக்கின்றன. "ஏதோ டியூஷன்" என்றால் மற்ற வரிகள் முக்கியமான வரியை அமுக்கிவிட்டன. அவற்றைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

விளம்பரம் வெளியான பிறகு ஒரு வேலை பாக்கி. போனில் விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் "எதைப் பார்த்துக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். அவர்கள் முதலில் கேட்ட கேள்வியையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். எந்த வடிவத்துக்குச் செலவு செய்யலாம், எதை விடலாம் என்பது அந்தக் குறிப்பில் தெரியும். எல்லோரும் முதலில் மாலையில் விடும் நேரத்தையே கேட்டிருந்தால், அடுத்த ஏப்ரலில் எழுதும் பிரீஃபில் முதன்மைச் செய்தியாக இருக்க வேண்டியது அந்த நேரம்தான்.