மஜ்ஜையை விட்டு வெளியே வந்த செல்

காய்ச்சல், ஈறில் ரத்தக் கசிவு, காலில் சிவப்புப் புள்ளிகள். டெங்குவோ என்று ரத்தம் எடுக்கிறார்கள். தட்டணுக்கள் 18,000தான், ஆனால் டெங்குவில் பெரும்பாலும் குறையும் வெள்ளையணுக்கள் இங்கே 42,000. இயந்திரம் அவற்றில் பலவற்றை மோனோசைட் என்று எண்ணிவிட்டு, சந்தேகக் குறியும் காட்டுகிறது.

இனி மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, உலர்த்தி, லீஷ்மன் சாயம் ஏற்றுகிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் பெரிய செல்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றையும் உட்கருவே அடைத்துக்கொண்டிருக்க, ஓரத்தில் நீல விளிம்பு மட்டும் மிச்சம். இவை பிளாஸ்ட்கள், முதிரும்வரை எலும்பு மஜ்ஜைக்குள் இருந்திருக்க வேண்டியவை.

சிலவற்றுக்குள் ஊசிபோல் சிவந்த ஆவர் குச்சிகள் இருந்தால் மைலாய்டு வகை என்று ஊகிக்கலாம். அவை கட்டுக்கட்டாகக் கிடந்தால் அவசரம்: ப்ரோமைலோசைட்டிக் லுகேமியாவாக இருக்கலாம். அதில் ரத்தப்போக்கே உயிரைப் பறிக்கும் என்பதால், மரபணு முடிவுக்குக் காத்திராமல் ட்ரெட்டினோயின் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள்.

குச்சி இல்லாவிட்டால் வகை சொல்வது கடினம். வைரஸ் காய்ச்சலில் உருமாறிய லிம்போசைட்டும் பிளாஸ்ட்போலக் கண்ணை ஏமாற்றும். அதனால் மஜ்ஜைப் பரிசோதனையும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் முடிந்த பிறகே நோய்க்குப் பெயர் வைக்கிறார்கள்.