800 ரூபாய் சட்டைக்கு 200 ரூபாய்தான் வாபஸா? "இலவச" கணக்கின் மர்மம்!

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று ஒரு கடையில் போர்டு தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவர் 1000, 800, 600 ரூபாய் விலையில் 3 சட்டைகள் எடுக்கிறார். விலை குறைந்த 600 ரூபாய் சட்டை இலவசம். கொடுத்த பணம் 1800.

மறுநாள் அளவு சேரவில்லை என்று 800 ரூபாய் சட்டையைத் திருப்பித் தருகிறார். கடைக்காரர் நீட்டுவதோ 200 ரூபாய்!

"என்னங்க இது, பகல் கொள்ளையா இருக்கு?"

"அண்ணே, இப்ப உங்ககிட்ட ரெண்டு சட்டைதான். ரெண்டுக்கு இலவசம் கிடையாது. 1000மும் 600ம் சேர்த்து 1600. 1800ல அது போக மிச்சம் 200!"

இது ஒரு கணக்கு. இன்னொன்றும் உண்டு.

பங்குக் கணக்கு

3 சட்டைகளின் முழு விலை 2400. கொடுத்தது 1800. அதாவது ரூபாய்க்கு 75 காசு. அப்படியானால் 800 ரூபாய் சட்டைக்கு வாபஸ் 600 ரூபாய். இலவசச் சட்டையைத் திருப்பினாலும் 450 கிடைக்கும். முதல் கணக்கில் அதற்குச் சல்லிக்காசு வராது!

எந்தக் கணக்கு என்பதை பில் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு சட்டைக்கும் தள்ளுபடியைப் பிரித்துப் போட்டிருந்தால், தள்ளுபடி போக உள்ள விலையைக் கேட்கலாம். மொத்தமாகக் கழித்திருந்தால், வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

துணி பழுது என்றால் கதையே வேறு. பில்லில் கெடு இல்லாவிட்டால், 30 நாளுக்குள் வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். புகாருக்கு 1915.