பிவண்டிக்கு மாதம் எத்தனை லோடு?

“எங்கள் ஆலையிலிருந்து பிவண்டி, இச்சல்கரஞ்சி, திருப்பூர் ஆகிய ஊர்களுக்கு ஓராண்டுக்கு நூல் ஏற்றிச்செல்லத் தங்களின் குறைந்தபட்ச வாடகையைத் தெரிவிக்கவும்.”

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்று நாலைந்து டிரான்ஸ்போர்ட்காரர்களுக்கு இப்படி ஒரு கடிதம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகை சொல்ல வேண்டியவருக்குத் தேவையான எதுவும் அதில் இல்லை. மாதம் இரண்டு லோடா, இருபதா? எந்த வண்டி? ஏற்ற எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும்? பணம் எப்போது வரும்? தெரியாத ஒவ்வொன்றுக்கும் அவர் மனசுக்குள் ஒரு தொகையைக் கூட்டிக்கொள்வார். அல்லது குறைத்துச் சொல்லி ஒப்பந்தத்தை வாங்கிவிட்டு, தீபாவளி நேரத்தில் “வண்டி இல்லை சார்” என்பார்.

ஆண்டு வாடகை ஒப்பந்தத்துக்கு விலைப்புள்ளி கேட்பதில் பாதி வேலை, சொந்தக் கணக்கைச் சரியாக எழுதுவதுதான். போன ஆண்டின் லாரி ரசீதுகளை எடுத்து ஊர்வாரியாக, மாதவாரியாக எண்ண வேண்டும். நம் கற்பனை ஆலைக்குக் கிடைக்கும் கணக்கு இது: பிவண்டிக்கு ஆண்டுக்கு 240 லோடு, இச்சல்கரஞ்சிக்கு 120, திருப்பூருக்குச் சின்ன வண்டியில் 600 நடை. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பிவண்டிக்கு மாதம் 20 லோடு என்றால் ஒன்றரை நாளைக்கு ஒரு லாரி என்றுதான் வெளியிலிருப்பவர் நினைப்பார். நடப்பதோ வேறு. மாத விற்பனைக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் பாதிக்கு மேல் கடைசி வாரத்தில் கிளம்பும். ஒரே நாளில் மூன்று வண்டி கேட்கும் ஆலைக்கும் ஒன்றரை நாளுக்கு ஒன்று கேட்கும் ஆலைக்கும் ஒரே வாடகை கட்டுப்படியாகாது. இதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் வாடகை கொஞ்சம் கூடத்தான் வரும். ஆனால் அந்த வாடகைக்கு வண்டி வரும்.

அடுத்தது வண்டி. “லாரி” என்று மட்டும் எழுதினால் ஒருவர் 32 அடி ஒற்றை ஆக்சில் கன்டெய்னருக்கும், இன்னொருவர் 32 அடி மல்ட்டி ஆக்சிலுக்கும், மூன்றாமவர் தார்ப்பாய் போட்ட பத்துச் சக்கர டாரஸுக்கும் விலை சொல்வார். முதலிரண்டும் நீளத்தில் ஒன்றுதான். ஆனால் ஒற்றை ஆக்சில் வண்டி ஏழு டன் அளவில் நின்றுவிடும், மல்ட்டி ஆக்சில் 15 டன் வரை இழுக்கும். பின்னலாடைப் பெட்டிகளுக்கு இடம்தான் முதலில் தீரும் என்பதால் அவற்றுக்கு ஒற்றை ஆக்சில் போதும். நூலுக்கு இடம் மிஞ்சும், எடைதான் முதலில் முட்டும். மழையில் நனைந்த நூலை வாங்க ஆளில்லை. ஆகவே நம் ஆலை “32 அடி மூடிய மல்ட்டி ஆக்சில், லோடுக்கு 15 டன், வாடகை நடைக்கு” என்று எழுதுகிறது.

நடைக்கு என்பது முக்கியம். டன்னுக்குக் கேட்டால் ஒரு வித்தை நடக்கும். நடைக்கு 61,000 ரூபாய் என்பது 15 டன்னுக்குப் பார்த்தால் டன்னுக்கு ஏறத்தாழ 4,070. ஒருவர் 3,400 என்று சொன்னால் மலிவாகத் தெரியும். அந்த விலையில் அதே 61,000 அவருக்குக் கிடைக்க 18 டன் ஏற்றியாக வேண்டும். வண்டி சட்டப்படி 15 டன்தான் ஏற்றலாம் என்றால் மூன்று டன் அதிகப் பாரம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம், இங்கே 26,000. அதிகப் பாரத்தை இறக்கிய பிறகுதான் வண்டியை விடுவார்கள் என்பதால் நூல் வழியிலேயே கிடக்கும். விலைப்புள்ளியைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்: எந்த வண்டி, எத்தனை டன் என்ற கட்டம் காலியாக இருக்கும்.

இப்போது உறைகளைப் பிரிப்போம். கடைசியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கோவைக்காரர், மற்றவர் நாமக்கல்காரர். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. கோவைக்காரர் பிவண்டிக்கு 64,000, இச்சல்கரஞ்சிக்கு 44,000, திருப்பூருக்கு 3,200. நாமக்கல்காரர் முறையே 61,000, 46,000, 3,600. மூன்றில் இரண்டு ஊருக்குக் கோவைக்காரர்தான் மலிவு, அவருக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். லோடு எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால் கோவைக்காரருக்கு ஆண்டுக்கு 2 கோடியே 25 லட்சத்து 60 ஆயிரம், நாமக்கல்காரருக்கு 2 கோடியே 23 லட்சத்து 20 ஆயிரம். ஒரே ஊரில் மட்டும் மலிவானவர் மொத்தத்தில் 2.4 லட்சம் குறைவு. முதலில் லோடுகளை எண்ணியது இதற்காகவும்தான். எண்ணிக்கை தவறாக இருந்தால் ஒப்பந்தமே தவறான ஆளிடம் போய்விடும்.

ஊருக்கு ஊர் மலிவானவரைப் பிரித்தெடுத்தால் மொத்தம் 2 கோடியே 18 லட்சத்து 40 ஆயிரத்துக்கு இறங்கும். ஆனால் அதற்குக் கடிதத்திலேயே வழி வைத்திருக்க வேண்டும். டிரான்ஸ்போர்ட்காரர்கள் சில சமயம் ஒரு ஊரில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இன்னொன்றில் ஈடுகட்டுவார்கள். அவர் விட்டுக்கொடுத்த ஊரை மட்டும் கொடுத்தால் கையைக் கடிக்கும், வண்டி வராது. “ஊர்வாரியாகப் பிரித்துத் தரப்படும், ஒவ்வொரு வாடகையும் தனித்தனியே நிற்க வேண்டும்” என்ற ஒரு வரி போதும்.

நாமக்கல்காரருக்குப் பிவண்டி ஏன் மலிவு? பெரும்பாலும் ரிட்டர்ன் லோடுதான் காரணம். 1,300 கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டி காலியாகத் திரும்பினால் போகும் வாடகையிலேயே வரும் செலவையும் எடுத்தாக வேண்டும். அங்கே கிளையோ தெரிந்த புரோக்கரோ இருப்பவர் மறுநாளே தெற்கே வரும் சரக்கைப் பிடித்துவிடுவார். அதனால் விலைப்புள்ளியோடு “இந்த ஊரில் உங்கள் அலுவலகம் எங்கே?” என்று கேட்பது வீண் விசாரணை அல்ல. சொன்ன விலை ஆண்டு முழுக்கத் தாக்குப்பிடிக்குமா என்பதற்கு நல்ல அடையாளம் அது.

டீசலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 ஜூன் முதல் டீசல் விலை நாள்தோறும் மாறலாம். ஓராண்டுக்கு மாறாத வாடகை கேட்டால், ஏறப்போகும் விலையையும் சேர்த்தே சொல்வார்கள். டீசல் ஏறாவிட்டாலும் நாம் கொடுத்துக்கொண்டிருப்போம். இதற்கு மாற்றாக, ஒப்பந்த நாளில் கோவையில் இருக்கும் பம்ப் விலையை அடிப்படையாக வைத்து, வாடகையில் பாதி டீசல் என்று ஒத்துக்கொள்ளலாம். டீசல் 4 விழுக்காடு ஏறினால் வாடகை 2 விழுக்காடு ஏறும். பிவண்டி நடைக்கு 1,220 ரூபாய். இறங்கினாலும் அதே கணக்கு. இறங்கும்போதும் என்பதைப் பலர் எழுத மறக்கிறார்கள். 2021 நவம்பரில் டீசல் மீதான மத்தியக் கலால் வரி லிட்டருக்கு 10 ரூபாய் குறைந்தது, 2022 மே மாதத்தில் மேலும் 6 ரூபாய் குறைந்தது. ஏற்றத்துக்கு மட்டும் விதி எழுதியவர்களுக்கு அதில் ஒரு காசும் திரும்பக் கேட்க வழியில்லை.

கடன் நாளும் வாடகைதான். டிரைவர் கையில் பணமும் டாங்கில் டீசலும் வண்டி கிளம்பும் அன்றே வேண்டும். வெளி வண்டி பிடித்தால் பெரும்பகுதியை அட்வான்ஸாகக் கொடுத்தாக வேண்டும். ஆலை 60 நாள் கழித்துப் பணம் தந்தால், மாதம் ஒன்றரை வட்டிக்கு 61,000 ரூபாயில் 1,830 ரூபாய் வட்டிக்கே போகும். அதை அவர் தலையில் போட்டுக்கொள்ளமாட்டார். 15 நாள், 60 நாள் இரண்டுக்கும் தனித்தனி விலை கேட்டுப் பார்த்தால் ஆலை முதலாளிக்கே வியப்பாக இருக்கும்.

சில்லறைபோலத் தோன்றும் ஹால்டிங், இறக்குகூலி இரண்டையும் ஒரு வரியில் முடித்துவிடலாம்: ஏற்ற 24 மணி நேரம், இறக்க 48 மணி நேரம் இலவசம், அதற்கு மேல் நாளுக்கு இவ்வளவு, பிவண்டியில் மாத்தாடித் தொழிலாளர் கூலி வாங்குபவர் பொறுப்பு. எழுதாமல் விட்டால் ஒவ்வொரு பில்லிலும் ஒரு சண்டை.

சேதம் அப்படிச் சில்லறையல்ல. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011-இல் வந்த அதன் விதிகளும், சரக்கின் மதிப்பை முன்கூட்டி அறிவிக்காவிட்டால் டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பைப் பொதுவாக வாடகையைப் போலப் பத்து மடங்குக்குள் நிறுத்துகின்றன. நமக்கு அது 6 லட்சத்து 10 ஆயிரம். கிலோ 250 ரூபாய் என்று வைத்தாலும் 15 டன் நூல் 37.5 லட்சம். நடுவே இருக்கும் 31 லட்சத்துக்கு ஆலை காப்பீடு எடுக்கிறதா, மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கொடுக்கிறதா என்பதை விலை கேட்கும்போதே சொல்ல வேண்டும். வழக்குப் போடுவதானால் லோடு பதிவான 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

யாரைத் தேர்ந்தெடுப்போம் என்பதையும் முன்னரே அறிவித்துவிடுவது நல்லது. நம் ஆலை நூறு மதிப்பெண்ணில் விலைக்கு 70, சொந்த வண்டிக்கும் சொன்ன நேரத்துக்கு வண்டி வைத்த பழைய கணக்குக்கும் 20, சேதத்தைத் தீர்த்த விதத்துக்கு 10 என்று வைக்கிறது. சொந்த வண்டி என்று சொல்பவரிடம் ஆர்சி புத்தகங்களைக் கேட்க வேண்டும். “50 வண்டி இருக்கிறது” என்பவரின் பெயரில் ஆறு இருக்கும், மற்றவை உறவுக்காரர்களுடையதும் தெரிந்தவர்களுடையதுமாக இருக்கும். அது தவறில்லை, தொழிலே பாதி அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மார்க்கெட்டில் வாடகை ஏறும் வாரத்தில் ஆறு மட்டும்தான் நிச்சயம்.

ஆகவே பிவண்டி லோடு முழுவதையும் ஒருவரிடம் தராமல் நாமக்கல்காரருக்கு 20-இல் 12, கோவைக்காரருக்கு 8 என்று பிரித்தார்கள். கோவைக்காரரை 61,000-க்கு வரச்சொல்லிக் கேட்டார்கள், அவர் 64,000-இலேயே நின்றார். வண்டி கேட்ட 24 மணி நேரத்தில் வராவிட்டால் வெளியே பிடித்து, கூடுதல் தொகையை அவர் பில்லில் கழிப்பது என்று விதி. பதிலுக்கு ஆலையும் சொன்ன லோடில் 70 விழுக்காடாவது தருவதாக ஒப்புக்கொண்டது.

தீபாவளி மாதத்தில் நாமக்கல்காரரிடம் 12 வண்டி கேட்டதில் ஏழுதான் வந்தது. வராத ஐந்தும் கடைசி வாரத்து வண்டிகள். வெளியே 68,000-க்குப் பிடித்தார்கள், வண்டிக்கு 7,000 கூடுதல், மொத்தம் 35,000. கோவைக்காரரைவிட வண்டிக்கு 3,000 மலிவு என்று அந்த 12 லோடில் ஆலை மிச்சம் பிடித்ததாக எழுதிவைத்தது 36,000. கழிக்கும் விதி மட்டும் இல்லாதிருந்தால் மிஞ்சியிருக்கும் தொகை ஆயிரம் ரூபாய். விதி இருந்ததால் 35,000-ஐ நாமக்கல்காரர் ஏற்றுக்கொண்டார், முணுமுணுப்போடு. அடுத்த மூன்று மாதத்துக்கு ஆலை பங்கை 10-க்கு 10 ஆக்கியது. மாதக் கடைசி வண்டிகளில் பெரும்பகுதியைக் கோவைக்காரரிடம் மாற்றியது.