வலப்பக்க ஆர் அன் ஆர் உங்களுக்கு இல்லை

விடுமுறைக் காலத்தில் வானொலியில் போக்குவரத்து நிலவரம் வாசிக்கும்போது, நேயர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார் வரும். "அக்கா, கைப்பேசியில தாப்பா ஆர் அன் ஆர்னு போட்டேன். டோலுக்கு வெளிய போய்த் திரும்பி வரச் சொல்லுது. ஏன்?"

காரணம் எளியது. தாப்பா ஆர் அன் ஆர் ஒன்றல்ல, இரண்டு. ஈப்போ போகிறவர்களுக்கு ஒன்று, கோலாலம்பூர் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. நடுவில் தடுப்பு இருப்பதால், எதிர்ப்பக்கத்துக்குப் போக வேண்டுமானால் அடுத்த டோலில் வெளியேறித்தான் திரும்ப வேண்டும். வரைபடச் செயலியில் பெயரை மட்டும் தட்டினால், முதலில் வருவது எதுவோ அதற்கே வழி காட்டும். ஆகவே பெயரோடு இருக்கும் சொல்லைப் பாருங்கள். Arah Utara என்றால் வடக்கே போகிறவர்களுக்கு. Arah Selatan என்றால் தெற்கே போகிறவர்களுக்கு.

இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. கூகுள் வரைபடத்தில் ஈப்போவுக்கு வழிகாட்டலைத் தொடங்கிவிட்டு, அதன் பிறகு தேடல் குறியைத் தட்டி எண்ணெய் நிலையங்களைத் தேடுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் கூடுதலாக எத்தனை நிமிடம் ஆகும் என்று காட்டும். +2 min என்று வந்தால் நிலையம் உங்கள் பக்கம் இருக்கிறது. +20 min என்று வந்தால் அநேகமாக எதிர்ப்பக்கம். பார்க்கப் பக்கத்தில் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். இதை ஓட்டுநர் செய்யக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யட்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். காப்பாரிலிருந்து ஒரு குடும்பம் மைவி காரில் ஈப்போவுக்குப் புறப்படுகிறது. தொட்டி 36 லிட்டர், இருப்பது கால்வாசி, அதாவது 9 லிட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் 135 கிலோமீட்டர் ஓடும். புக்கிட் ராஜா டோலில் ஏறி, என்.கே.வி.இ. வழியாக புக்கிட் லஞ்சான் போய், வடக்கே திரும்பித் தாப்பாவை அடைய ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அதற்கு முன்பே எண்ணெய் தீர்ந்துவிடும். தாப்பாவில் ஊற்றிக்கொள்ளலாம் என்ற திட்டம் இவர்களுக்குச் சரிவராது. காப்பார் சாலையிலேயே, இடப்பக்க நிலையமாகப் பார்த்து ஊற்றிக்கொண்டு டோலில் ஏறுவதுதான் சரி. தீபகற்பத்தில் பெட்ரோல் விலையை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. ஆகவே எங்கே ஊற்றினாலும் ஒரே விலைதான், தள்ளிப்போடுவதில் ஒரு காசு மிச்சமும் இல்லை.

வழியில் செயலி கைகொடுக்காவிட்டால், சாலையோரக் கிலோமீட்டர் பலகை உதவும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் வடபகுதியில், E1 சாலையில், கணக்கு புக்கிட் காயூ ஹீத்தாமில் பூஜ்யத்தில் தொடங்குகிறது. வடக்கே போகும்போது எண் குறைந்துகொண்டே வரும். தாப்பா ஆர் அன் ஆர் 305-ஐ ஒட்டி இருக்கிறது. நீங்கள் 340-ஐக் கடக்கிறீர்கள் என்றால் இன்னும் 35 கிலோமீட்டர்தான். எண் கூடிக்கொண்டே போனால் நீங்கள் போவது தெற்கு நோக்கி.

பக்கம் சரி, திறந்திருக்கிறதா? ஆர் அன் ஆர் வேறு, ஹெந்தியான் செபலா வேறு. இரண்டாவதில் கழிப்பறையும் சில கடைகளும் இருக்கலாம். பெட்ரோல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 24 மணி நேரம் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் பெட்ரோல் பம்புக்குத்தான். உணவுக் கடைகள் இரவில் மூடியிருக்கலாம். நள்ளிரவுக்குப் பின் பல நிலையங்களில் கடைக் கதவைப் பூட்டிவிட்டு, சன்னல் வழியாகப் பணம் வாங்குவார்கள். கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து மூடிவிட்டதாக நினைத்துப் போய்விட வேண்டாம். பம்பு விளக்கு எரிகிறதா, சன்னலில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

பண்டிகைக் காலத்தில் வேறொரு சிக்கல். வாகனங்கள் நிரம்பிவிட்டால் ஆர் அன் ஆர் நுழைவாயிலைத் தற்காலிகமாக மூடிவிடுவார்கள்; பராமரிப்பு வேலைக்காகவும் மூடுவதுண்டு. செயலியில் பழைய நேரமே இருக்கும், இது தெரியாது. புறப்படும் முன் பிளஸ் நிறுவனத்தின் 1800 88 0000 எண்ணுக்கு அழைத்து, "தாப்பா, வடக்கு நோக்கி, திறந்திருக்கிறதா?" என்று இடத்தையும் திசையையும் சேர்த்துக் கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

எந்த ஆர் அன் ஆரையும் கடைசி வாய்ப்பாக வைத்துக்கொள்ளாமல், அதற்கு முந்தைய நிலையத்திலேயே ஊற்றிவிட்டால், கதவு மூடியிருந்தாலும் அடுத்ததுக்குப் போகத் தொட்டியில் எண்ணெய் இருக்கும்.