இரண்டு பி.எஃப். எண்கள் இருக்கிறதா?

வேலை மாறும்போது பழைய யு.ஏ.என். எண்ணைச் சொல்லாததால் சிலருக்குப் புதிய எண் விழுந்துவிடுவதை நம் மஹல்லாவிலும் பார்க்கிறோம். விதிப்படி ஒருவருக்கு ஒரே எண்தான்.

இதில் அடிபடுவது ஓய்வூதியம். முதல் கம்பெனியில் 4 ஆண்டு, அடுத்ததில் 7 ஆண்டு என்றால், தனித்தனியே 10 ஆண்டைத் தொடாது. சேர்த்தால் 11 ஆண்டு. 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். பழைய பணத்தை ஓய்வூதியப் பங்கோடு எடுத்துவிட்டால் அந்த 4 ஆண்டும் போய்விடும்.

ஆகவே எடுக்காமல் மாற்றிக்கொள்வோம். ஆதார் இணைந்த இப்போதைய எண்ணில் பி.எஃப். இணையதளத்தில் நுழைந்து, "One Member - One EPF Account" பகுதியில் விண்ணப்பிக்கலாம். ஒன்றில் Mohamed, மற்றதில் Mohammed என்றிருந்தால் விண்ணப்பம் நின்றுவிடக்கூடும். முதலில் பெயரையும் பிறந்த தேதியையும் திருத்துங்கள். பழைய வேலையை விட்ட தேதியும் பதிவாகியிருக்க வேண்டும். பணம் மாறியபின் பழைய எண் முடக்கப்படும்.