பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வரும் மலை

எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரிக் கப்பல் வரும்போது கடைசி நூறு மீட்டரைப் பார்த்தால் பொறுமை போய்விடும். இழுவைப் படகுகள் பக்கவாட்டில் தள்ள, கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. நொடிக்குப் பத்து சென்டிமீட்டர். எறும்பை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஆனால் சரக்கோடு சேர்த்து 80,000 டன். அது பக்கவாட்டில் நகரும்போது சுற்றியுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதையும் கணக்கில் சேர்த்தால் மொத்தம் சுமார் 1,20,000 டன் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பிரேக் போட்டு நிறுத்த முடியாது. ஜெட்டியின் முகத்தில் பொருத்தியிருக்கும் ரப்பர் ஃபெண்டர்தான் நிறுத்த வேண்டும். காசிமேட்டு விசைப்படகுகளின் ஓரத்தில் பழைய லாரி டயர்கள் தொங்குகின்றனவே, அவை செய்வதும் இதே வேலைதான்.

இப்போது கேள்வி. ரப்பர் 35 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும் அந்தக் கணத்தில் கப்பலின் வேகம் என்ன? எவ்வளவு அமுங்கியபின் அது நிற்கும்?

பள்ளிக்கூடத்தில் படித்த v = u + at இங்கே உதவாது, ஏனென்றால் முடுக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. சரி, முடுக்கத்தை நேரத்தைப் பொறுத்துத் தொகையிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ரப்பர் திருப்பித் தள்ளும் விசை எத்தனை நொடி ஆயிற்று என்பதைப் பார்ப்பதில்லை. எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. மூன்றாவது நொடியில் விசை என்ன என்று தெரிய, அப்போது எவ்வளவு அமுங்கியிருக்கும் என்று தெரிய வேண்டும். அது தெரிய, அதுவரை இருந்த வேகம் தெரிய வேண்டும். வேகம் தெரிய, விசை தெரிய வேண்டும். செக்குமாடு போல அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

வெளியே வரும் வழி, நேரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. ஒரு நொடிக்கு வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதுதானே முடுக்கம்? அதை இரண்டாகப் பிரிக்கலாம்: ஒரு மீட்டர் நகர்ந்தால் வேகம் எவ்வளவு மாறுகிறது, ஒரு நொடியில் எத்தனை மீட்டர் நகர்கிறோம். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கான மாற்றம் வந்துவிடும். வகைநுண்கணிதத்தில் இதற்குச் சங்கிலி விதி என்று பெயர்:

a = dv/dt = (dv/dx) · (dx/dt) = v · dv/dx

நொடிக்கு எத்தனை மீட்டர் என்பது வேகமேதான் என்பதால் dx/dt இருந்த இடத்தில் v வந்து உட்கார்ந்துகொண்டது. t காணாமல் போய்விட்டது. இனி v dv = a(x) dx என்று எழுதி இரு பக்கமும் தொகையிட்டால் போதும். இடப்பக்கம் எப்போதும் v²/2-இன் மாற்றம். வலப்பக்கம், முடுக்கத்தை இடத்துக்கு எதிராக வரைந்தால் அந்தக் கோட்டின் கீழ் இருக்கும் பரப்பு. இரு பக்கத்தையும் நிறையால் பெருக்கினால், இடப்பக்கம் இயக்க ஆற்றலின் மாற்றம், வலப்பக்கம் விசைக் கோட்டின் கீழ் இருக்கும் பரப்பு.

பரப்பு என்பதால் இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஃபெண்டரின் விசைக்கு அழகான சூத்திரம் எதுவும் கிடையாது. கூம்பு வடிவ ஃபெண்டரில் முதலில் விசை கிடுகிடுவென ஏறும். பிறகு ரப்பர்ச் சுவர் வெளிப்புறமாக வளைந்து கொடுக்கத் தொடங்கும். அமுக்கம் கூடினாலும் விசை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். கடைசியில் ரப்பரோடு ரப்பர் ஒட்டி, மறுபடியும் செங்குத்தாக ஏறும். தயாரிப்பாளர் இதை ஒரு வரைகோடாகத்தான் தருவார். வரைகோடே போதும். சூத்திரம் இல்லாவிட்டால் கட்டங்களை எண்ணிப் பரப்பு கண்டுபிடித்துவிடலாம்.

முழு எண்களாகவே போட்டுப் பார்ப்போம். 1.2 மீட்டர் உயரமுள்ள இரண்டு ஃபெண்டர்கள் மீது கப்பல் ஒரே நேரத்தில் சாய்கிறது. முதல் 0.35 மீட்டருக்குள் இரண்டின் விசையும் சேர்ந்து பூஜ்யத்திலிருந்து நேர்கோடாக 2,000 கிலோநியூட்டனுக்கு ஏறுகிறது. அதாவது சுமார் 200 டன் எடையின் தள்ளு. அதன்பின் அதே அளவில் நிற்கிறது. 0.35 மீட்டர் வரையிலான பரப்பு ஒரு முக்கோணம்: 350 கிலோஜூல். கப்பல் கொண்டுவந்த இயக்க ஆற்றல், 10 சென்டிமீட்டர் வேகத்துக்கு, 600 கிலோஜூல். மிச்சம் 250. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால், 600-இல் 250 மிஞ்சும்போது வேகம் 10-லிருந்து 6.5-க்குத்தான் குறைந்திருக்கும். பாதிக்கு மேல் ஆற்றல் போயும் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. மிச்ச 250-ஐச் சமதளப் பகுதி விழுங்க இன்னும் 0.125 மீட்டர் போதும். ஆக 47.5 சென்டிமீட்டரில் கப்பல் நிற்கும்.

வேகத்தைச் சற்றே கூட்டிப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் என்றால் ஆற்றல் 1,350 கிலோஜூல். கப்பல் நிற்க 85 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். இவ்வகை ஃபெண்டர்களை வழக்கமாக உயரத்தில் 72 சதவீதம் வரை அமுங்கலாம் என்றுதான் மதிப்பிடுவார்கள். நம் ஃபெண்டருக்கு அது 86.4 சென்டிமீட்டர். தப்பித்தோம். 16 சென்டிமீட்டரில் ஆற்றல் 1,536. ஆனால் 86.4 வரை விழுங்கக்கூடியது ஏறக்குறைய 1,380 மட்டுமே. மிச்சம் செங்குத்தாக ஏறும் பகுதிக்குப் போகும். அங்கே விசை பல மடங்காகி, கப்பலின் பக்கத் தகடோ ஜெட்டியின் தூண்களோ அதை வாங்கிக்கொள்ளும். நொடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்! எண்ணெய்க் கப்பல் முனையங்கள் பலவற்றில் லேசர் வைத்துக் கரையை நெருங்கும் வேகத்தைப் பெரிய எண்களில் காட்டுவது வீண் ஆடம்பரமல்ல.

இந்த முறை புதிதில்லை. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிபியாவின் முதல் நூலில் 39-ஆவது முன்மொழிவே இதுதான்: விசை இடத்துக்கு இடம் எப்படி மாறினாலும், நேர்கோட்டில் செல்லும் பொருளின் வேகம் அந்தப் பரப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்கும் என்று வடிவியலில் காட்டியிருப்பார். நேரம் எவ்வளவு ஆகும் என்ற கேள்வியையும் அங்கேயே தனியாக எடுத்துக்கொண்டிருப்பார்.

நேரம் வேண்டுமென்றால் நாமும் தனியாகத்தான் போக வேண்டும். வேகம் இடந்தோறும் தெரிந்துவிட்டதால் dt = dx/v என்று கூட்டிக்கொண்டே போகலாம். நம் கப்பல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தொட்டதிலிருந்து நிற்பது வரை எட்டு நொடிக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரு எச்சரிக்கை. விசை இடத்தை மட்டுமே பொறுத்தது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. ரப்பர் முழுக்க அப்படி நடந்துகொள்வதில்லை. வேகமாக அமுக்கினால் அது கூடுதலாக எதிர்க்கும். திரும்பி விரியும்போது வாங்கியதைவிடக் குறைவாகத்தான் தரும். அதனால் கப்பல் வந்த வேகத்தில் பின்னே போவதில்லை. சூட்டில் மென்மையாகவும் ஆகும். ஃபெண்டர்களின் அட்டவணை எண்கள் வழக்கமாக 23 டிகிரி செல்சியஸுக்கு அளந்தவை. எண்ணூரின் மே மாத வெயிலில் அந்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால், 15 சென்டிமீட்டரில் தப்பித்த நம் கப்பலும் தப்பாது.