வங்கியின் ஓடிபி குறுஞ்செய்தி வராவிட்டால்

மாங்குளத்தில் வீட்டில் இருந்தபடியே கைபேசியில் பணம் அனுப்புகிறீர்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓடிபி, வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். முதலில் பக்கத்திலுள்ள ஒருவரை உங்களுக்குச் சாதாரண குறுஞ்செய்தி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.

அழைப்பு வருகிறது, ஆனால் அந்தச் செய்தியும் வரவில்லை என்றால், பெட்டி நிரம்பியிருக்கலாம். பட்டன் போன்களில் இது அதிகம். சிம்மிலும் போனிலும் உள்ள பழைய செய்திகளை அழியுங்கள். தேங்கிநின்ற ஓடிபிகள் ஒன்றாக வந்து விழக்கூடும். பழையவை செல்லாது, புதிதாக ஒன்றைக் கேளுங்கள்.

சாதாரண செய்தி வந்து, வங்கிச் செய்தி மட்டும் வராவிட்டால், தடுத்த எண்களின் பட்டியலைப் பாருங்கள். விளம்பரம் வேண்டாமென முன்பு பதிந்திருந்தால், வங்கிச் செய்தியும் அதில் தடைப்படுகிறதா எனத் தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள். போனில் உள்ள ‘தொந்தரவு செய்யாதே’ வேறு விடயம். அது செய்தியைத் தடுக்காது, செய்தி உள்ளே இருக்கும்.

இவை எதுவுமில்லையா? வங்கியில் இன்னமும் உங்கள் பழைய இலக்கமே இருக்கலாம். இந்தியாவிலிருந்து திரும்பியோருக்கும் இது நேரலாம். அடையாள அட்டையுடன் கிளைக்குச் சென்று மாற்றுங்கள். ஓடிபியை வங்கி ஊழியர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.